மார்ஃபிங் படம் பரவினால்: முதலில் ஆதாரம், அப்புறம் ரிப்போர்ட்

ஒரு பெண் சேலை கட்டிப் போட்டிருந்த முகப்புப் படத்தை யாரோ எடுத்து, செயலி ஒன்றில் கொடுத்து, ஆடையில்லாத படமாக மாற்றிவிட்டார்கள். அவள் பெயரிலேயே இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கி அதை ஏற்றியும் விட்டார்கள். தோழி ஒருத்தி லிங்க் அனுப்பித்தான் அவளுக்கே தெரியவருகிறது. அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, என்ன செய்யலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. எதையும் அழுத்தும் முன் ஆதாரம்

பதறிப்போய் உடனே ரிப்போர்ட் செய்யத்தான் கை போகும். ஆனால் பதிவு நீங்கிவிட்டால் போலீசில் காட்ட ஒன்றும் மிஞ்சாது. பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் படம் மட்டும் இருந்தால் போதாது. கணக்கின் பயனர் பெயர், பதிவிட்ட தேதி, கீழே உள்ள கமெண்டுகள் எல்லாம் தெரிய வேண்டும். பயனர் பெயரை மாற்றிக்கொள்ளலாம், அப்போது கணக்கின் முகவரியும் மாறிவிடும் என்பதால், கணக்கின் முகவரியோடு பதிவின் முகவரியையும் தனியாக நகலெடுத்து வையுங்கள். பதிவின் முகவரி இப்படி இருக்கும்:

```
https://www.instagram.com/p/...
```

போலிக் கணக்கு உங்களை பிளாக் செய்திருந்தால், நம்பிக்கையான ஒருவர் போனிலிருந்து இதை எடுக்கச் சொல்லுங்கள். மாற்றப்படாத அசல் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். அதே முகம், அதே தலைச்சாய்வு, அதே வெளிச்சம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மார்ஃபிங் என்பது பளிச்சென்று தெரியும். அந்த அசல் படத்தை யார் யார் பார்க்க முடிந்தது என்பதும் முக்கியம். நண்பர்களுக்கு மட்டும் காட்டிய படம் என்றால் சந்தேக வட்டம் சட்டென்று சுருங்கிவிடும்.

2. தளத்தில் ரிப்போர்ட்

பதிவின் மேலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ரிப்போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். காரணம் கேட்கும்போது ‘பிடிக்கவில்லை’, ‘ஸ்பேம்’ என்று போகாமல், நிர்வாணம் அல்லது அனுமதியில்லாத அந்தரங்கப் படம் என்ற வகைக்குப் போங்கள். பதிவைத் தனியாக, கணக்கை ஆள்மாறாட்டம் என்று தனியாக, இரண்டையும் புகார் செய்ய வேண்டும்.

‘எல்லாரும் ரிப்போர்ட் பண்ணுங்க’ என்று லிங்கை குரூப்பில் போடாதீர்கள். புகாரின் எண்ணிக்கையைப் பார்த்துப் படத்தை நீக்குவதில்லை. லிங்க் போனதுதான் மிச்சம், பார்க்காதவர்களும் பார்த்துவிடுவார்கள்.

3. மறுபடி ஏறாமல் தடுக்க

இந்தக் கணக்கு போனால் நாளை இன்னொரு கணக்கு முளைக்கும். அதற்குத்தான் StopNCII.org என்ற இலவசத் தளம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே அதற்கு ‘ஹாஷ்’ எனப்படும் ஒரு கைரேகை உருவாகி, அது மட்டும் அனுப்பப்படும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெட்டிட் போன்ற, இதில் சேர்ந்துள்ள தளங்கள் தங்களிடம் ஏறும் படங்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஏஐ உருவாக்கிய படங்களும் இதில் ஏற்கப்படும்.

தளத்தில் புதிய கேஸ் தொடங்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, படத்தைத் தேர்ந்தெடுத்தால் கடைசியில் கேஸ் எண்ணும் பின் எண்ணும் வரும். அப்போதே எழுதி வையுங்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்காது, கேஸின் நிலையையும் பார்க்க முடியாது.

இங்கே பலர் சறுக்குவது ஒரு இடத்தில்தான். சுற்றிலும் கமெண்டும் பட்டன்களும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையே கொடுத்துவிடுவார்கள். அதன் ஹாஷ் வேறு, பரவும் படத்தின் ஹாஷ் வேறு. ஸ்கிரீன்ஷாட் போலீசுக்கு, இங்கே கொடுக்க வேண்டியது பரவும் படம் மட்டுமே. அதை வெட்டியோ எழுத்துச் சேர்த்தோ பரப்பினால் அந்த ஒவ்வொரு வடிவத்தையும் சேருங்கள்.

படத்தில் இருப்பவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் StopNCII ஏற்காது. அவர்களுக்கு takeitdown.ncmec.org இருக்கிறது, பெயர்கூடச் சொல்ல வேண்டாம். அந்தப் படத்தை ஆதாரம் என்று பிறருக்கு அனுப்பவோ ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ கூடாது, பல நாடுகளில் அதுவே குற்றம். முகவரியையும் பயனர் பெயரையும் மட்டும் குறித்துக்கொண்டு போலீசிடம் கொடுங்கள்.

4. தேடலிலிருந்து நீக்க

பெயரைத் தேடினால் கூகுளில் படம் வருகிறதா? போலி ஆபாசப் படங்களை நீக்கக் கோரும் படிவம் கூகுளின் உதவிப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தின் முகவரி, தேடிய சொற்கள், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை அதில் கொடுக்க வேண்டும். நீங்குவது தேடல் முடிவு மட்டும்தான். படம் அந்தத் தளத்தில் அப்படியேதான் இருக்கும், அதற்குத் தளத்துக்கே தனியாக எழுத வேண்டும்.

5. வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால்

செய்திகள் குறியாக்கம் செய்யப்பட்டவை என்பதால் ஹாஷ் அங்கே வேலை செய்யாது. அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அட்மினைப் பிடியுங்கள். அடுத்தவர் அனுப்பிய செய்தியையும் எல்லாருக்குமாக அழிக்க அட்மினால் முடியும். ஏற்கெனவே போனில் சேமித்தவர்களிடமிருந்து மட்டும் அது போகாது. அந்த எண்ணை போலீஸ் புகாரில் சேர்த்துவிடுங்கள்.