எட்டு விளக்கும் எரிகின்றன, வேகம் மட்டும் வரவில்லை: சுவர் ஜாக், பேட்ச் பேனல் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் இப்போது வீடு கட்டுபவர்கள் பலர் சுவர் பூச்சுக்கு முன்பே நெட்வொர்க் கேபிளுக்கென்று தனிப் பைப் போட்டுவிடுகிறார்கள். கேபிளை இழுப்பது பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்துவிடுகிறது. தொல்லை வருவது அதன் இரண்டு முனைகளில்தான்: அறைச் சுவரில் உள்ள ஜாக்கிலும், எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பேட்ச் பேனலிலும். மின்வேலையில் நல்ல கைத்தேர்ச்சி உள்ள இளைஞர்கள்கூட, இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே பிழைகளை இன்றும் செய்வதைப் பார்க்கிறேன். கேபிளை ஜாக்கில் சரியாக அழுத்தாமல் விடுவது போன்றவை எட்டுக் கம்பிக்கும் ஒவ்வொரு விளக்காகக் காட்டும் கேபிள் டெஸ்டரை மாட்டியவுடன் தெரிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே சொல்லவில்லை. டெஸ்டரிடமிருந்து தப்பிவிடும் பிழைகளே வீட்டுக்காரரின் பணத்தைத் தின்கின்றன.

ஜோடியைப் பிரித்துவிட்டு விளக்கை நம்புவது

நெட்வொர்க் கேபிளில் எட்டுக் கம்பிகள் இருந்தாலும், அவை நான்கு ஜோடிகளாகவே வேலை செய்கின்றன. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே சிக்னல், ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் செல்கிறது. மறுமுனையில் உள்ள கருவி அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக விழுந்து, வேறுபாட்டைக் கணக்கிடும்போது நீங்கிவிடுகிறது. ஆகவே ஒரே சிக்னலைச் சுமக்கும் இரண்டு கம்பிகளும் ஒரே முறுக்கில் இருந்தாக வேண்டும்.

ஈதர்நெட்டில் இந்த ஜோடிகள் ஜாக்கின் எட்டு இணைப்பு முனைகளில், அதாவது 1-2, 3-6, 4-5, 7-8 ஆகிய பின்களில் அமர்கின்றன. தடுமாற்றம் வருவது 3-6 ஜோடியில்தான், ஏனெனில் அது பக்கத்துப் பக்கத்து எண்களில் இல்லை. நிறங்களை அடுக்க ஏ, பி என்று இரண்டு முறைகள் உண்டு. பி முறையில் பின்களின் வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரும். பச்சை ஜோடி நடுவிலுள்ள நீல ஜோடியை அணைத்தாற்போல் நிற்கிறது. புதிதாக வருபவருக்கு இது ஒழுங்கற்றதாகத் தோன்றுகிறது. அவர் வெள்ளை-பச்சையை அடுத்துப் பச்சை, வெள்ளை-நீலத்தை அடுத்து நீலம் என்று அழகாக அடுக்கிவிடுகிறார். இரண்டு முனையிலும் அதையே செய்தால் போதும் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்த எண்ணம்தான்.

லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாடி அறையிலிருந்து கீழே படிக்கட்டுக்கு அடியில் உள்ள பேட்ச் பேனல் வரை ஏறத்தாழ 20 மீட்டர் கேட் 6 கேபிள். பேனலின் பின்புறம் நிறங்கள் அச்சிடப்பட்டிருந்ததால் அங்கே இணைப்பைச் செய்தவர் சரியாகவே பதித்திருந்தார். மாடியில் வாங்கி வைத்திருந்த ஜாக்கிலோ நிறம் இல்லை, 1 முதல் 8 வரை எண்கள் மட்டுமே இருந்தன. அங்கே அவர் நிறங்களைத் தமக்குத் தெரிந்த ஒழுங்கில் அடுக்கினார்: நான்காவதில் பச்சை, ஐந்தாவதில் வெள்ளை-நீலம், ஆறாவதில் நீலம். டெஸ்டரை மாட்டியபோது மறுமுனை விளக்குகள் 1, 2, 3, 6, 5, 4, 7, 8 என்று எரிந்தன. அதாவது நீலமும் பச்சையும் இடம் மாறியிருப்பதை டெஸ்டர் தெளிவாகவே காட்டிவிட்டது. அவர் மாடி ஏறி ஜாக்கைத் திருத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கைக்கு அருகில் இருந்தது பேனல் என்பதால், அச்சிட்ட நிறத்தை மீறி அங்கே நீலத்தையும் பச்சையையும் மாற்றிப் பதித்தார். உடனே எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன.

இப்போது மூன்றாம் பின்னில் வெள்ளை-பச்சை, ஆறாம் பின்னில் நீலம். ஒரே சிக்னலின் இரு பாதிகளும் வெவ்வேறு முறுக்குகளில் போகின்றன. ஒவ்வொன்றும் 20 மீட்டர் தூரம் வேறொரு சிக்னலின் கம்பியோடு பின்னிக்கொண்டு அதன் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. டெஸ்டருக்கு இது தெரிய வழியில்லை. இங்கே மூன்றாவதில் விட்ட மின்சாரம் அங்கே மூன்றாவதில் வந்து சேர்கிறதா என்பதை மட்டுமே அது கேட்கிறது. எந்தக் கம்பி எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பது நேர்மின்சாரத்துக்குப் பொருட்டே இல்லை.

மாடியில் கணினி சில நேரம் இணையும், சில நேரம் விடும், இணைந்தாலும் 100 மெகாபிட்டில்தான் நிற்கும். "சார், எட்டு லைட்டும் வரிசையா எரியுது, லைன்ல குறையே இல்லை" என்று உறுதியாகச் சொல்லப்பட்டதால் வீட்டுக்காரர் முதலில் ரவுட்டரை மாற்றினார், பிறகு நெட்வொர்க் சுவிட்சையும் மாற்றினார். இரண்டு கருவிகளுக்கும் பணம் கொடுத்த பிறகே யாரோ சுவரைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். நான் போய்ச் செய்தது, இரண்டு முனையிலும் நீலத்தையும் பச்சையையும் தத்தம் இடத்துக்குக் கொண்டுவந்ததுதான். அதன்பின் இரண்டு கணினிகளுக்கு இடையே வேகத்தை அளக்கும் iperf3 நிரலை ஓட்டியபோது, கிகாபிட் லைனில் வர வேண்டிய 940 மெகாபிட் அளவு வந்தது.

லினக்ஸ் கணினி இருந்தால் இந்தப் பிழையைச் சுவரைத் திறக்காமலேயே சந்தேகிக்கலாம். கீழே உள்ள பெயருக்குப் பதிலாக உங்கள் கணினியில் உள்ள போர்ட்டின் பெயரை இடவும்.

```
ethtool enp3s0
ethtool -S enp3s0 | grep -iE "crc|err"
```

முதல் கட்டளையில் Speed என்ற வரியைப் பாருங்கள். இரண்டாவதை ஒருமுறை ஓட்டி, ஒரு பெரிய கோப்பை அந்த லைன் வழியாக நகலெடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். வேகம் 100-இல் நின்று, பிழை எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனால், டெஸ்டர் என்ன சொன்னாலும் ஜோடி பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம். வேகம் 100-இல் நின்று பிழைகள் ஏறாமல் இருந்தால், 4-5 அல்லது 7-8 ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். 100 மெகாபிட்டுக்கு 1-2, 3-6 ஆகிய ஜோடிகளே போதும் என்பதால் லைன் சுத்தமாகவே ஓடும், ஆனால் அறுந்த கம்பியின் விளக்கு டெஸ்டரில் எரியாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மிகக் குட்டையான கேபிளில் ஜோடி பிரிந்திருந்தாலும் குறை தெரியாமல் போகக்கூடும். மேசையில் சோதித்தபோது ஓடியது என்பது சுவருக்குள் போகும் நீளமான கேபிளுக்குச் சான்று ஆகாது.

எண் மட்டும் உள்ள ஜாக்கில் பி முறை வரிசையைத் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டே பதிக்க வேண்டும். நிறம் அச்சிட்ட ஜாக்கில் கம்பி நுழையும் ஸ்லாட்டுகள் பின் எண்களின் வரிசையில் இருக்க வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் சிறு பலகை அவற்றை உரிய பின்னுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அச்சிட்ட நிறத்தை மீறுவதற்கு எந்தக் காரணமும் கிடையாது. டெஸ்டர் வரிசை மாறிக் காட்டினால் எந்த முனை தவறு என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த முனையை மட்டும் திருத்துங்கள்.

ஏ முறையா, பி முறையா

எதுவானாலும் சரி, வீடு முழுவதும் ஒன்றே இருக்க வேண்டும்.

கம்பியின் தோலை உரித்துப் பதிப்பது

சுவிட்ச் போர்டில் திருகு முனையில் கம்பி கட்டிப் பழகிய கை, இங்கேயும் ஒவ்வொரு கம்பியின் முனையையும் உரித்துவிடுகிறது. ஜாக்கின் ஸ்லாட்டுக்குள் பிளவுபட்ட ஓர் உலோகத் தகடு இருக்கிறது. பஞ்ச் டவுன் டூலால் கம்பியை அழுத்தும்போது அந்தப் பிளவே பிளாஸ்டிக் தோலைக் கிழித்துச் செம்பை இரு பக்கமும் இறுகப் பற்றுகிறது. அந்தப் பிடி காற்று புகாத அளவுக்கு இறுக்கமானது. உரித்த கம்பியை உள்ளே விட்டால், தோலோடு கூடிய கம்பிக்காகவே அளவெடுத்த அந்த ஸ்லாட்டில் பிடி தளர்ந்துவிடுகிறது. வெளியே நிற்கும் செம்பு பக்கத்துக் கம்பியைத் தொடவும் கூடும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில், கார்த்திகை மழையில் சுவர் ஈரம் கண்டபின், இப்படித் திறந்துகிடந்த செம்பு பச்சை பூத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். லைன் மழைக்காலத்தில் மட்டும் விட்டுவிட்டு வருகிறது என்று அழைத்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான். சிறு ஸ்க்ரூ டிரைவரால் கம்பியைத் திணிப்பதும் இதே வகைக் கேடு: அந்தத் தகட்டின் பிளவு விரிந்துவிட்டால் பிறகு எந்தக் கம்பியையும் அது பற்றாது, ஜாக்கையே மாற்ற வேண்டியதுதான்.

டூலைத் திருப்பிப் பிடிப்பது

வெட்டும் முனை வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் இருந்தால் இணைப்பே அறுந்துவிடும்.

முறுக்கை அளவுக்கு மேல் அவிழ்ப்பது

ஸ்லாட்டில் நுழைக்க வசதியாக இருக்கும் என்று விரல் நீளத்துக்கு அவிழ்த்துவிடுகிறார்கள். கேட் 6 கேபிளில் 13 மில்லிமீட்டருக்கு மேல் அவிழ்க்கக்கூடாது என்பது அளவு. அதற்கும் குறைவாக அவிழ்ப்பதே நல்லது. வெளித்தோலை ஜாக்கின் விளிம்பு வரை கொண்டுவந்து, ஒவ்வொரு ஜோடியையும் அதன் ஸ்லாட்டின் வாய்வரை முறுக்கோடு எடுத்துச்சென்று, அங்கே மட்டும் பிரித்து இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். பேட்ச் பேனலில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் அங்கே எல்லா அறைகளின் கேபிள்களும் அடுத்தடுத்து நெருங்கி நிற்கின்றன. பேனலின் பின்னால் அழகுக்காகக் கேபிள் டையை இறுக்கிக் கேபிளை நசுக்குவதும் இதே ஜோடிகளைத்தான் கெடுக்கிறது. வெல்க்ரோ பட்டை போதும்.

பெட்டிக்குள் நீளம் விடாமல் வெட்டுவது

ஒருமுறை பதித்த கம்பியை எடுத்து மறுபடி பதிக்க வேண்டுமானால் முனையைப் புதிதாக வெட்டியே ஆக வேண்டும், ஏனெனில் தகடு கடித்த இடம் நலிந்திருக்கும். அதற்கு நீளம் வேண்டும். லாஸ்பேட்டை வீட்டின் மாடிப் பெட்டியில் வெளியே நின்றது நான்கு விரல் நீளம்தான். இன்னொரு முறை பதிக்க நேர்ந்திருந்தால் கேபிளைப் பைப்பிலிருந்து முழுவதும் இழுத்துப் புதிதாகப் போட வேண்டியிருந்திருக்கும். சுவர்ப் பெட்டியில் ஒரு முழத்துக்குக் குறையாமலும், பேனல் பக்கம் அதைவிடத் தாராளமாகவும் விட்டு வையுங்கள். பெட்டிக்குள் அதைச் சுருட்டும்போது மடித்து நெரிக்காமல், கேபிளின் தடிமனைப்போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறையாத வளைவில் விட வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் ஆழமில்லாத உலோகப் பெட்டிகளில் இதற்கு இடம் இருக்காது. ஆகவே சுவர் வெட்டும்போதே ஆழமான பெட்டியைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

மின்கம்பி உள்ள பெட்டியிலேயே ஜாக் வைப்பது

வேண்டாம். 230 வோல்ட் தனிப் பெட்டி, தனிப் பைப்.

எண் எழுதாமல் மூடுவது

கேபிளின் இரண்டு முனையிலும், ஜாக்கின் முகத்திலும், பேனலிலும் ஒரே எண்ணை எழுதிய பிறகே பிளேட்டைத் திருகுங்கள்.