எந்தப் பாம்பு என்று தெரியாத கடி: செய்யக்கூடாதவை

இருட்டில் கடித்த பாம்பை அடையாளம் காண முயல்வதே பலர் செய்யும் முதல் தவறு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் ஒரே விஷமுறிவு மருந்துதான் ஏற்றப்படுகிறது. குருதி உறையும் நேரம், இமைகளின் நிலை, வீக்கம் ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். ஆகவே பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. தேடுபவர் கடிபடலாம், வெட்டிய தலையும் சிறிது நேரம் கடிக்கும்.

தரையில் படுத்திருந்த ஒருவர், நள்ளிரவில் ஏதோ சுருக்கென்று குத்தியதாக உணர்ந்து விழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீக்கமோ பல் தடமோ தெரியாததால் பூச்சியாக இருக்கும் என்று மீண்டும் படுத்துவிடுகிறார். விடியும் முன் வயிறு வலிக்கிறது, இமைகள் தாமாகச் சரிகின்றன, பேச்சு குழறுகிறது. இது கட்டுவிரியன் கடியின் வழக்கமான போக்கு. அடுத்ததாகச் செயலிழப்பது மூச்சுத் தசைகள். வலி இல்லை என்பது நஞ்சு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கடிக்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுவதுதான் இன்றும் பரவலாக நடக்கும் கேடு. இரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகலாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் நஞ்சு ஓரிடத்தில் தேங்கித் தசையை மேலும் சிதைக்கும். ஏற்கெனவே கட்டியிருந்தால், வழியில் சட்டென அவிழ்க்காமல் மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும், ஏனெனில் தேங்கிய நஞ்சு ஒரேயடியாக உடலில் பரவக்கூடும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது, பச்சிலை அரைத்துப் பூசுவது ஆகியவற்றாலும் பயனில்லை. மந்திரித்துப் பிழைத்ததாகச் சொல்லப்படுபவர்களில் பலர், நஞ்சில்லாப் பாம்பாலோ நஞ்சு இறக்காத கடியாலோ தீண்டப்பட்டவர்கள்தாம்.

கடிபட்டவரைப் படுக்கவைத்து, வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல், நீண்ட குச்சி அல்லது பலகையை வைத்து, மூட்டுகள் அசையாதவாறு துணியால் தளர்வாகக் கட்டுங்கள். துணிக்கடியில் ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். தசை அசையும்போதுதான் நஞ்சு விரைவாகப் பரவுகிறது என்பதால், அவரைப் பத்தடிகூட நடக்கவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால், இருசக்கர வாகனத்தில் ஓட்டுநருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவே அவரை அமர்த்திச் செல்லலாம். வாந்தியோ மயக்கமோ இருந்தால் இது கூடாது, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தே கொண்டுசெல்ல வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது இரத்தக் கசிவைக் கூட்டும்.

மருத்துவமனையில் கடித்த நேரத்தைச் சொல்லுங்கள். அங்கே சில மில்லி லிட்டர் குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள்; உறையாமல் ஓடினால் அது கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சுக்கான அடையாளம். உறைந்துவிட்டது என்று உடனே வீட்டுக்குக் கிளம்புவதும் தவறுதான், ஏனெனில் அறிகுறிகள் தாமதமாகவும் தோன்றுவதால் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்கவேண்டும்.