கமோட் வாங்குமுன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: ரிம்லெஸ் வகையைத் தெரிவு செய்ய ஒரு செய்முறை விளக்கம்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஹார்ட்வெயார் கடையொன்றில் வரிசையாக வைத்திருக்கும் கமோட்டுகளைப் பார்த்தால், விலை குறைந்ததும் கூடியதும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் மின்னும். வாங்கும் நாளில் மின்னாத கமோட் கிடையாது. ஆகவே மினுக்கத்தை வைத்துத் தரத்தை அளப்பதில் பயனில்லை. அந்த மினுக்கம் இன்னும் பத்து ஆண்டுகளுக்கு நிற்குமா என்பதைப் பூச்சு சொல்லாது, பூச்சுக்கு உள்ளே இருக்கும் களிமண் உடல்தான் சொல்லும். அதைக் கடையிலேயே எப்படிப் பார்ப்பது, அதன் பிறகு பூச்சையும், விளிம்பின் அடியில் உள்ளீடற்ற பெட்டியில்லாத ரிம்லெஸ் அமைப்பையும் எப்படிச் சோதிப்பது என்பதைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியது

வெண்களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றை நீரில் கரைத்த கூழை அச்சில் ஊற்றி, உலர்த்தி, அதன் மேல் கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சைத் தெளித்து, ஏறத்தாழ 1200 பாகை செல்சியசில் சுடுகிறார்கள். அந்த வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் உருகி, களிமண்ணுக்குள் இருக்கும் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். சரியாகச் சுட்ட உடல் கிட்டத்தட்ட நீர் புகாததாகிவிடும். கலவை மட்டமாக இருந்தாலோ சூளையின் வெப்பம் போதாமல் போனாலோ துளைகள் அப்படியே மிஞ்சும், ஆனால் மேலே உள்ள பூச்சு அதை மறைத்துவிடும்.

கமோட்டின் அடிப்பாதத்தில் பூச்சு இருக்காது. அங்கும் பூசினால் சூளையின் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் வெறுமனே விட்டுவிடுவார்கள். குளியலறைத் தரையில் நிற்கும் ஈரம் அந்த வெற்றுப் பாதத்தின் வழியாகத்தான் உடலுக்குள் ஏறுகிறது. ஈரத்தை உறிஞ்சும் சுட்ட களிமண் காலப்போக்கில் மிகச் சிறிதளவு பருக்கும். கண்ணாடிப் பூச்சோ இழுபடத் தெரியாதது, எனவே முடியைப் போன்ற வெடிப்புகளாகப் பிளந்துகொள்கிறது. பிறகு அந்தக் கோடுகளில் மஞ்சளும் கறுப்பும் ஏறும், எந்த மருந்தைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தென்மேல் பருவத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும், வடகீழ்ப் பருவத்தில் பதுளைப் பக்கமும் வாரக்கணக்கில் தரை காய்வதில்லை. ஆகவே உறிஞ்சும் உடலைக் கொண்ட கமோட் மலையகத்தில் விரைவாகவே தன் குணத்தைக் காட்டிவிடும்.

முதலாவது படி: வெற்றுப் பாதத்தில் ஒரு சொட்டு

கடைக்காரரிடம் சொல்லி, கமோட்டை ஓர் அட்டையின் மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பூச்சில்லாத பாதத்தைத் துணியால் துடைத்துவிட்டு, விரல் நுனியால் ஒரு சொட்டு நீரை வைத்துக் கவனியுங்கள். நன்கு சுட்ட உடலில் சொட்டு உருண்டையாகவோ சற்றுப் பரவியோ மேலேயே நிற்கும். உறிஞ்சும் உடலில் சில நொடிகளில் அது உள்ளே இறங்கி, ஈரக்கறை மட்டும் மிஞ்சும். நீருக்குப் பதிலாக ஒரு சொட்டுப் பேனா மையை வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: நல்ல உடலில் மை வைத்த இடத்திலேயே இருக்கும், மற்றதில் தாளில் ஊறுவதைப் போல ஓரங்களில் விரியும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. சில கமோட்டுகளின் பாதத்தில் வெள்ளைப் பெயின்ற் போன்ற ஏதாவதொன்றைப் பூசியிருப்பார்கள், அதன் மேல் எந்தச் சொட்டும் நிற்கும். அப்படி ஐயம் வந்தால், தரையில் முறுக்குவதற்கான ஆணித் துளையின் உட்சுவரைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வெற்று உடல் தெரியும், பெயின்ற் பூசும் கை அந்த அளவுக்குள் போவதில்லை. துளைக்குள் விரலை விட்டால் நன்கு சுட்ட உடல் வழவழப்பாக, கல்லைப் போல் குளிர்ந்து இருக்கும். மட்டமானது சோக்குக் கட்டியைப் போல விரலில் வெள்ளைத் தூளை ஒட்டவிடும்.

இரண்டாவது படி: உடைந்த துண்டை நிறுத்துப் பார்த்தல்

மலைப்பாதையில் லொறி குலுங்கி வரும்போது உடையும் மூடிகளும் தொட்டிகளும் எல்லாக் கடையின் பின்புறத்திலும் கிடக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் அதே வகையின் உடைந்த துண்டொன்றைக் கேட்டு வாங்கினால், நீர் உறிஞ்சும் அளவை எண்ணாகவே கண்டுபிடிக்கலாம். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

துண்டைக் கழுவி, அடுப்புக்கு அருகில் எடை மேலும் குறையாத வரை காய வையுங்கள். அதுவே உலர் எடை. பின்னர் இரண்டு மணி நேரம் நீரில் கொதிக்க வைத்து, அதே நீரில் மறுநாள் வரை ஊறவிட்டு, ஈரத்துணியால் மேற்பரப்பை ஒற்றியெடுத்து உடனே நிறுத்துவிடுங்கள். கணக்கு இதுதான்:

(ஈர எடை − உலர் எடை) ÷ உலர் எடை × 100

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் துண்டு உலர்ந்தபோது 320 கிராம், ஊறியபின் 321.2 கிராம். ஏறியது 1.2 கிராம், அதாவது 0.375 சதவீதம். இரண்டாவது துண்டு 280 கிராமிலிருந்து 302.4 கிராமுக்கு ஏறுகிறது, அது 8 சதவீதம். நீர் புகாதபடி சுட்ட பீங்கானைக் குறிக்கும் விட்ரியஸ் சைனா என்ற பெயரைப் பெட்டியில் அச்சிட வேண்டுமானால் நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே ஐரோப்பிய, அமெரிக்க நியமங்கள் வைத்திருக்கும் எல்லை. முதல் துண்டு அதற்குள் அடங்குகிறது, இரண்டாவது வெறும் மண்பாண்டத்தின் இனம்.

சமையலறைத் தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும். 320 கிராம் துண்டில் ஒரு கிராம் என்பதே 0.3 சதவீதம் ஆகிவிடுவதால், 0.4 சதவீதத்தையும் 0.7 சதவீதத்தையும் அந்தத் தராசால் பிரித்தறிய முடியாது. ஆனால் 8 சதவீதத்தை அது தவறவிடாது, வீட்டுக்காரருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். முழுக்கப் பூச்சு மூடிய மூடியை உடைக்காமல் ஊறவைத்து நிறுப்பது வீண்வேலை, ஏனெனில் நீர் நுழைய வழியே இருக்காது.

மூன்றாவது படி: பூச்சைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தல்

கைப்பேசி விளக்கை மேற்பரப்பையொட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். கடையின் குழல் விளக்கு பூச்சில் பிரதிபலிக்கும் கோடு நேராக ஓடினால் பூச்சு சமமாக உருகியிருக்கிறது. கோடு நெளிந்து, தோடம்பழத் தோலைப் போலத் தெரிந்தால் அழுக்கு அங்கே தங்கும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் இடங்களில் ஓரிரு ஊசித்துளைகள் இருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். கிண்ணத்தின் உள்ளே நீர் நிற்கும் மட்டத்துக்கு அருகில் இருந்தால் மட்டும் விட்டுவிடுவேன், கறை முதலில் பிடிப்பது அங்கேதான்.

கடையிலேயே ஒரு பிளேன்ரீ கேட்டு வாங்கி, கடும் சாயத்தைச் சந்தேகமான இடத்தில் தடவி, சற்று நேரம் விட்டு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். முழுமையான பூச்சில் எதுவும் மிஞ்சாது. வெடிப்போ துளையோ இருந்தால் சாயம் அதற்குள் புகுந்து பழுப்புக் கோடாகவோ புள்ளியாகவோ நிற்கும். பூச்சு பூசாமல் தப்பிய இடம் பெரும்பாலும் கழிவு வெளியேறும் வளைகுழாய்க்குள் இருக்கும். கையுறை போட்டு, வெளியேறும் வாயின் வழியாக விரலை எட்டும் வரை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். உப்புத்தாளைப் போல் சொரசொரத்தால் அந்தக் கமோட் அடிக்கடி அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக நாணயமொன்றால் பல இடங்களில் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒலி செத்துப்போனால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம், ஆணித் துளையைச் சுற்றித்தான் அதை அதிகமாகக் காணலாம்.

நான்காவது படி: ரிம்லெஸ் உண்மையில் ரிம்லெஸ்தானா?

பழைய வகையில் விளிம்பு உள்ளீடற்ற பெட்டியாக இருக்கும், நீர் அதன் அடியிலுள்ள சிறு துளைகளால் இறங்கும். மழைக்காலத்தில் ஊற்று நீரோடு வரும் வண்டலும் இலைத்தூளும் அந்தத் துளைகளை அடைக்கும், பெட்டியின் உட்புறம் சரியாகப் பூசப்பட்டதா என்பதையும் யாரும் பார்க்க முடியாது. ரிம்லெஸ்ஸில் பின்புறத்து வாயிலிருந்து நீர் இரு கரங்களாகப் பிரிந்து, இரு பக்கச் சுவர்களையும் தழுவி, முன்னால் சந்திக்கிறது. அடைப்பதற்குத் துளையில்லை, தூரிகை எட்டாத இடமில்லை. ஆனால் சில மலிவு வகைகளில் விளிம்பின் அடியில் ஆழமான பள்ளத்தை விட்டுவிட்டு ரிம்லெஸ் என்று ஸ்ரிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஒரு சிறு கண்ணாடியை உள்ளே சாய்த்துப் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும்.

நீரைப் பிரிக்கும் வேலையை அந்த வடிவம் மட்டுமே செய்வதால், தொட்டியும் கிண்ணமும் ஒரே உற்பத்தியாளர் சோடியாகத் தந்தவையாக இருக்க வேண்டும். வீட்டிலிருக்கும் பழைய தொட்டியைப் புதிய ரிம்லெஸ் கிண்ணத்தோடு இணைத்தால், நீர் ஒன்றில் விளிம்புக்கு மேல் தெறிக்கும் அல்லது முன்பக்கம் வரை எட்டாது. சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுப்பகுதி வரையுள்ள தூரத்தையும் அளந்துகொண்டே கடைக்குப் போங்கள். அது பொருந்தாவிட்டால் மேலே சொன்ன சோதனைகள் எதற்கும் பொருளில்லை.

ஐந்தாவது படி: முறுக்கிய பின், சீலிங் செய்யுமுன்

மேசன் பாஸிடம் இரண்டு விடயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கமோட்டைச் சீமெந்துக் கலவையில் புதைக்க வேண்டாம், ஆணியால் முறுக்கி ஓரத்துக்குச் சிலிக்கன் போட்டால் போதும். இறுகும் சீமெந்து பாதத்தை நெருக்கி வெடிக்கச் செய்யக்கூடும், பின்னர் கழற்றவும் விடாது. அடுத்தது, கிண்ணத்தின் விளிம்பில் குறுக்காகவும் நெடுக்காகவும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ரிம்லெஸ் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கரம் வலுத்து மற்றது மெலியும்.

சிலிக்கன் போடுமுன், நீரில் கரையும் பேனாவால் விளிம்பிலிருந்து 25 மில்லிமீற்றர் கீழே கிண்ணத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, ஒரு முறை முழுதாக ஃப்ளஷ் செய்யுங்கள். அமெரிக்க நியமத்தில் இந்தச் சோதனைக்குத் தரும் எல்லை, கழுவப்படாமல் மிஞ்சும் துண்டுகள் எல்லாம் சேர்ந்து 50 மில்லிமீற்றரும், தனியொரு துண்டு 13 மில்லிமீற்றரும் ஆகும். கோடு ஒரு பக்கத்தில் மட்டும் நீளமாக மிஞ்சினால் கமோட் சாய்ந்திருக்கிறது, பாதத்தின் அடியில் தகடு வைத்துச் சரிசெய்து மீண்டும் வரையுங்கள். முன்பக்கத்தில் இரு புறமும் சமமாக மிஞ்சினால், தொட்டியின் நீர்மட்டம் உட்சுவரில் குறித்திருக்கும் கோட்டுக்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்து, மிதவையை உயர்த்துங்கள். மட்டமும் நீரும் சரியாக இருந்தும் கோடு அழியாவிட்டால், குற்றம் கிண்ணத்தின் வடிவத்தில்தான் இருக்கிறது. சிலிக்கன் இன்னும் போடாததால், அதைக் கழற்றிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம்.