விபத்தை மறைத்து விற்ற கார்: டீலரிடமிருந்து பணம் திரும்பி வந்தது எப்படி?

டீலரிடம் 4,20,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய கார் இடதுபக்கமாகவே இழுத்தது. அலைன்மென்ட் பார்த்த மெக்கானிக் பானட்டைத் திறந்து, ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயின்ட் பெயர்ந்திருப்பதையும், இன்ஜினுக்குப் பக்கவாட்டில் இருக்கும் தகடான ஏப்ரனில் கையால் வைத்த வெல்டிங்கையும் காட்டினார். கம்பெனி வெல்டிங் என்றால் வட்டப் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்கும். அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ரெக்கார்டைக் கேட்டு வாங்கினேன். முன்பக்கம் மோதி, இன்சூரன்ஸ் க்ளெய்மில் வேலை பார்த்தது அதில் தெளிவாக இருந்தது.

டீலரிடம் போனில் கேட்டதற்கு "எங்களுக்கே தெரியாது சார்" என்றார்கள். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். "விபத்தே ஆகாத வண்டி" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தேதியோடு அப்படியே கடிதத்தில் எடுத்து எழுதினேன். என் கடிதத்துக்குப் பலமே அதுதான். வண்டியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைத்து 90,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அந்தத் தொகைக்கு ஆதாரமாக இன்னொரு டீலர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை இணைத்தேன். 15 நாளில் பதில் இல்லையென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்வேன் என்றும் எழுதினேன்.

பேசி முடித்து 75,000 ரூபாய் கணக்கில் போட்டார்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டினார்கள். சேஸிஸ் வளையவில்லை என்று அளந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.