கல்வெட்டு போட்டோவை வெச்சு ஊர்ப்பக்கமும் காலமும் கண்டுபிடிக்கிறது எப்படி: மாறஞ்சடையன் கல்லை வெச்சு ஒரு செய்முறை

மதுரைப் பக்கத்துல ஒரு கண்மாய்க்கரையில படிக்கல்லா கெடந்த ஒரு பலகைக்கல்லோட போட்டோவை சொந்தக்காரப் பையன் அனுப்பிச்சு "அண்ணே இது எந்தக் காலம்?"னு கேட்டான். அதுக்கு பதில் சொல்ல எனக்கு 2 வாரம் ஆச்சு. அந்த 2 வாரத்துல கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறேன். கல்லு மேல மாவு, சாக்பீஸ் எல்லாம் தேய்க்கக்கூடாதுங்கிறது உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

1. முதல்ல வெளிச்சத்தைப் பாருங்க

நான் இடறி விழுந்த இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். உச்சி வெயில்ல எடுத்த போட்டோவுல வெட்டின கோட்டுக்கும் கல்லுல இருக்கிற விரிசலுக்கும் வித்தியாசமே தெரியாது. வந்த போட்டோவுல ஒரு எழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடிச்சு, அதை நான் 'க'ன்னு நெனச்சு மூணு நாளா வார்த்தையைத் தேடிட்டு இருந்தேன், அது வெறும் விரிசல். உளி வெட்டின கோடு அகலம் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும், எழுத்து முடியிற இடத்துல நிக்கும். விரிசல் மெலிஞ்சு போயி எழுத்தைத் தாண்டி அடுத்த வரிக்குள்ளயும் ஓடும். ஒரு வளைவோ கோடோ வரி எல்லையைத் தாண்டுதுன்னா சந்தேகப்படுங்க.

சாயங்காலம் ஒரு டார்ச்சை கல்லுக்குப் பக்கவாட்டுல, கல்லை ஒட்டினாப்புல படுக்க வெச்சு அடிச்சு எடுக்கச் சொல்லுங்க, ஒரு தடவை இடது பக்கமிருந்து, ஒரு தடவை மேலயிருந்து. இடது பக்க வெளிச்சத்துல படுக்கைக் கோடுங்க மறைஞ்சிடும், மேல் வெளிச்சத்துல நேர்க்கோடுங்க மறைஞ்சிடும், ரெண்டும் வேணும். போட்டோவுல பள்ளமா இருக்கிற எழுத்து மேடா தெரிஞ்சா, படத்தைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க, சட்டுனு பள்ளமாயிடும், ஏன்னா நம்ம கண்ணு வெளிச்சம் மேலயிருந்து வருதுன்னே நெனச்சுக்கும்.

2. எழுத்தை வரைஞ்சு எடுங்க

ஃபோன்ல ஃபில்டர் போட்டுப் பாக்கிறதை நான் நம்புறதில்ல, அது இல்லாத கோட்டை உண்டாக்கும். GIMP போதும், இலவசம். படத்தைத் திறந்து Colors → Desaturate, அப்புறம் Colors → Levels-ல கறுப்பு முனையைக் கொஞ்சம் உள்ள இழுங்க. Layer → New Layer போட்டு அதுமேல சந்தேகமில்லாத கோடுகளை மட்டும் சிவப்புல வரைங்க. சந்தேகமானதை வேற கலர்ல. இப்படி வரையும்போதுதான் கல்வெட்டுக்காரர் கை எந்தத் திசையில போச்சுன்னு புரியும்.

3. ஊர்ப்பக்கம்: தமிழா, வட்டெழுத்தா

ஒரு எளிய சோதனை. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு ராஜராஜன் காலத்துது, தமிழெழுத்து, அதை நீங்க உத்துப் பாத்தா நாலுல ஒரு எழுத்தாவது தெரிஞ்சிடும். 'ப'வுக்கு ரெண்டு பக்கம் நிமிர்ந்த கோடு, கீழ மூலை எல்லாம் இருக்கும். வட்டெழுத்துல எல்லாமே கை எடுக்காம சுழிச்ச மாதிரி, மூலையே கிடையாது, அதுவும் ப, வ, ய மூணும் ஒண்ணுக்கொண்ணு குழப்பும்.

பாண்டிய நாட்டுல ராஜராஜன் ஜெயிக்கிற வரைக்கும் வட்டெழுத்துதான் வழக்கம், அதுக்கப்புறம் 11-ஆம் நூற்றாண்டுல சோழர் கொண்டுவந்த தமிழெழுத்து அந்த இடத்தைப் பிடிச்சுது. மலைநாட்டுல, அதாவது கேரளப் பக்கம், வட்டெழுத்து அப்புறமும் பல காலம் இருந்துச்சு. ஆனா வட்டெழுத்துன்னா உடனே பாண்டிய நாடுன்னு எழுதிடாதீங்க. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்து நடுகல்லுங்க வட்டெழுத்துல இருக்கு, அதுல பல்லவ ராஜா பேரு வரும். அதனால கல்லோட வகையையும் சேத்துப் பாக்கணும்.

இன்னொரு வலை இருக்கு. என்னோட கல்லுல முதல் வரி 'ஸ்வஸ்தி ஸ்ரீ'ன்னு கிரந்தத்துல, அதாவது சமஸ்கிருதம் எழுதுற எழுத்துல. அதைப் பாத்து நான் பல்லவர் பக்கம்னு நெனச்சேன், தப்பு. சமஸ்கிருதச் சொல் வந்தா ரெண்டு பக்கமுமே கிரந்தத்துலதான் வெட்டுவாங்க. முதல் வரியை விட்டுட்டு ரெண்டாவது வரியிலிருந்து எழுத்தைப் பாருங்க.

4. காலம்: நம்பலாம், நம்பக்கூடாது

தமிழெழுத்துல ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்ல எழுத்து 'க'. பல்லவர், முற்காலச் சோழர் கல்வெட்டுல அது ஒரு சிலுவை மாதிரி, நடுவுல நேர்க்கோடு, குறுக்கே வளைஞ்ச கோடு, இடது முனை சும்மா தொங்கும். போகப் போக அந்த முனை மடங்கி நடுக்கோட்டோட சேர்ந்து இன்னைக்கு நாம எழுதுற மூடின வடிவம் ஆகுது.

மெய்யெழுத்து மேல வர்ற புள்ளியை வெச்சுக் காலம் சொல்லாதீங்க, சில பழைய கல்லுல இருக்கும், பின்னால வந்த எத்தனையோ கல்லுல இருக்காது. எகர ஏகாரமும் பிரிச்சுக் காட்ட மாட்டாங்க. மேல சுழிச்ச 'ே' ஒண்ணு கல்லுல தெளிவா இருந்தா அது வீரமாமுனிவருக்கு அப்புறம், அதாவது 18-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால போகாது. எழுத்து வடிவத்துல இந்த அளவுக்கு உறுதியா சொல்லக்கூடியது ரொம்பக் கொஞ்சம்தான், மத்ததெல்லாம் நூறு வருஷம் முன்னப்பின்ன.

ஒப்பிட்டுப் பாக்க எழுத்து அட்டவணைகளை நான் விரும்பறதில்ல, அதுல பல ஊர் எழுத்தை ஒரே வரியில கலந்திருப்பாங்க. வருஷம் தெரிஞ்ச ஒரே ஒரு கல்வெட்டோட படி, அதாவது நகல், அதே பக்கத்து ஊர்ல, அது போதும்.

5. நம்ம கல்லு

ரெண்டாவது வரி வட்டெழுத்து. வரைஞ்சு முடிச்சதும் 'கோமாறஞ்சடையற்கு யாண்டு'ன்னு வந்துச்சு, அதுக்கப்புறம் கல்லு உடைஞ்சிருக்கு. மாறஞ்சடையன்னு ஒரே ஒரு பாண்டிய ராஜா இல்ல. பராந்தக நெடுஞ்சடையனும் மாறஞ்சடையன், வரகுணன் ரெண்டாமவனும் மாறஞ்சடையன், நடுவுல ஏறக்குறைய நூறு வருஷம். பேரு கைவிட்டுடுச்சு, அதனால எழுத்துதான் பேசணும்.

நல்லவேளையா ரெண்டு பேருக்குமே வருஷம் தெரிஞ்ச கல்வெட்டு இருக்கு. மதுரை ஆனைமலை நரசிங்கர் குடைவரையில கலியுகம் 3871, அதாவது பொ.ஆ. 770, தமிழ்ப் பகுதி வட்டெழுத்து, சமஸ்கிருதப் பகுதி கிரந்தம். பழனிப் பக்கத்து ஐவர்மலையில சக வருஷம் 792, அதாவது 870. இந்த ரெண்டோட படியையும் என் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல வெச்சு ம, ற, ச, ட நாலையும் ஒவ்வொண்ணா பாத்தேன். ரெண்டுலயும் ஒத்துப் போகிற எழுத்துங்கதான் அதிகம், ரெண்டையும் பிரிக்கிற அளவுக்கு என் கல்லுல தெளிவான எழுத்து மிச்சமில்ல. அதனால அந்தப் பையனுக்கு "பாண்டிய நாடு, 8 இல்லைன்னா 9-ஆம் நூற்றாண்டு, ராஜா யாருன்னு இந்தத் துண்டை வெச்சு சொல்ல முடியாது"ன்னு எழுதிட்டேன். உடைஞ்ச மீதித் துண்டு கிடைச்சா ஆட்சியாண்டு தெரியும், தேடிட்டு இருக்கான்.

பின்சேர்க்கை: இதைப் படிச்சிட்டு ஒருத்தர் கேட்டாங்க, "எங்க கோயில்ல பழைய ராஜா பேரு, ஆனா எழுத்து அவருக்கு ரொம்பப் பின்னாடி காலத்து மாதிரி இருக்கு, போலியா?" போலி இல்ல. கோயிலைப் பிரிச்சுக் கட்டும்போது பழைய கல்வெட்டைப் பாத்து புதுக் கல்லுல எழுதி வெப்பாங்க. திருக்கோடிக்காவல்ல சோழ ராணி செம்பியன்மாதேவி கல்லால கோயில் எடுத்தப்போ அப்படித்தான் நடந்துச்சு, அங்க 'இதுவும் ஒரு பழங்கற்படி', அதாவது பழைய கல்லோட நகல்னே வெட்டியிருக்காங்க. எழுத்து காட்டுறது உளி பட்ட காலம், தானம் கொடுத்த காலம் இல்ல. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா உங்க குறிப்புல ரெண்டு காலத்தையும் தனித்தனியா எழுதி வெச்சுக்கோங்க, அப்படியே கல்லுல எங்கயாவது 'படி'ங்கிற சொல் இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க.