‘ஹவானா பிரவுன்’ என்று எழுதியதால் நின்ற பணம்: தடைச் சோதனையில் சிக்கிய பரிமாற்றத்தை மீட்பது எப்படி?

ஆம்பூரிலிருந்து ஜெர்மனிக்குக் காலணி அனுப்பும் ஒரு சிறு ஏற்றுமதியாளரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வாங்கியவர் 4,200 டாலரை அனுப்பும்போது, பணம் எதற்கு என்று குறிக்கும் இடத்தில் இப்படி எழுதினார்:

```
HAVANA BROWN SHOES INV 214
```

ஹவானா பிரவுன் என்பது தோல் தொழிலில் வழங்கும் ஒரு பழுப்பு நிறத்தின் பெயர். ஆனால் ஹவானா, கியூபாவின் தலைநகரமும்கூட. அந்நாட்டின் மீது அமெரிக்கா 1960களிலிருந்தே பொருளாதாரத் தடை விதித்திருக்கிறது. ஜெர்மனி அப்படித் தடை விதிக்காததால் பணம் அங்கிருந்து சிக்கலின்றிப் புறப்பட்டது. டாலராக இருந்ததால் அது நியூயார்க்கில் உள்ள ஓர் இடைநிலை வங்கியின் வழியாக வர வேண்டியிருந்தது. தடைக்குள்ளான நாடு அல்லது ஆளின் பெயர் இருக்கிறதா என்று பரிமாற்றங்களைச் சோதிக்கும் அந்த வங்கியின் கணினி, ‘ஹவானா’ என்ற சொல்லைக் கண்டு பணத்தை நிறுத்திவிட்டது.

முதலில், பணம் எங்கே நிற்கிறது என்று கண்டறியுங்கள். அனுப்பியவரிடம், வங்கிகள் பணப் பரிமாற்றத்துக்காகத் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும், அதிலுள்ள UETR என்ற 36 இடங்கள் கொண்ட அடையாள எண்ணையும் கேட்டு வாங்கி, உங்கள் வங்கிக் கிளையில் கொடுங்கள். எந்த வங்கியில் பணம் நிற்கிறது என்பதை அந்த எண்ணைக் கொண்டு பெரும்பாலும் பார்த்துவிடலாம்.

இரண்டாவது, செய்யக்கூடாத ஒன்று. குறிப்பை மாற்றி அதே தொகையை மீண்டும் அனுப்புமாறு வாங்கியவரிடம் சொல்லாதீர்கள். முதல் பரிமாற்றம் வரிசையில் நிற்கும்போது, சிக்கிய சொல்லை மட்டும் நீக்கிவிட்டு அதே தொகை அதே பெயருக்கு வந்தால், அது சோதனையிலிருந்து தப்பும் முயற்சியாகவே பார்க்கப்படும். நிறத்தின் பெயரால் வந்த சாதாரணக் குழப்பம், அப்போது உண்மையான சந்தேகமாகிவிடும்.

மூன்றாவது, கேள்வி வரும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள். நியூயார்க் வங்கி உங்களிடம் நேரடியாகப் பேசாது. தனக்குச் செய்தி அனுப்பிய வங்கியைக் கேட்கும், அவ்வங்கி வாங்கியவரைக் கேட்கும். ஆகவே பதிலும் அவ்வழியே திரும்ப வேண்டும் என்பதால், வாங்கியவர் தன் மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் இங்கே நீங்கள் எத்தனை முறை கிளைக்குப் போனாலும் பயனில்லை. கேள்வியின் சொற்களை அப்படியே எழுதி வாங்குங்கள். ‘கூடுதல் விவரம் கேட்கிறார்கள்’ என்ற வாய்மொழித் தகவலை வைத்துப் பதில் எழுத முடியாது.

பதில் சுருக்கமாகவும், கேட்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் நேராகவும் இருக்கட்டும். நம் எடுத்துக்காட்டில் அது மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: அச்சொல் தோலின் நிறத்தைக் குறிக்கிறது, பொருள் ஆம்பூரில் செய்யப்பட்டு ஜெர்மனிக்குச் சென்றது, இதில் கியூபாவைச் சேர்ந்த ஆளோ, பொருளோ, கப்பலோ இல்லை. நிறத்தின் பெயர் அச்சிடப்பட்ட விலைப்பட்டியலையும், சரக்கு சென்ற வழியைக் காட்டும் ஏற்றுமதி ஆவணத்தையும் இணைத்தால் போதும். ‘நாங்கள் நேர்மையான நிறுவனம்’ என்பது போன்ற வரிகளால் சோதிப்பவருக்கு எந்த உதவியும் இல்லை.

சில நேரம் சிக்குவது சொல் அல்ல, பெயர். இங்கே தமிழர்களுக்குத் தனி இடர் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஓர் எழுத்து முன்னெழுத்தும் பரவலாக வழங்கும் ஒரு பெயரும் மட்டுமே இருப்பதால், தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் உள்ள வேறொருவரோடு எளிதில் ஒத்துப்போகும். அப்போது முன்னெழுத்தை விரித்த முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், முகவரி ஆகியவற்றைக் கடவுச்சீட்டு நகலுடன் கொடுங்கள். அமெரிக்கக் கருவூலத் துறையின் sanctionssearch.ofac.treas.gov தளத்தில் உங்கள் பெயரை நீங்களே தேடலாம். யாரோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்தால், பிறந்த ஆண்டு வேறு என்று குறிப்பாகச் சுட்டிக்காட்ட முடியும்.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். இதற்கு நிலையான கெடு இல்லை. ஆனால் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: பணம் ஆய்வில் நிலுவையாக இருக்கிறதா, மறுக்கப்பட்டதா, முடக்கப்பட்டதா? மறுக்கப்பட்டால் அது, பெரும்பாலும் கட்டணம் கழிக்கப்பட்டு, அனுப்பியவருக்கே திரும்பும். முடக்கப்பட்டால் திரும்பாது, அமெரிக்க வங்கி அதைத் தனிக் கணக்கில் வைத்து, 10 வேலைநாட்களுக்குள் கருவூலத் துறைக்கு அறிக்கை தர வேண்டும், அதை மீட்க அத்துறையின் உரிமம் வேண்டும். அந்நிலைக்கு வழக்கறிஞர் தேவை. இடையில் யாராவது அழைத்து, ‘விடுவிப்புக் கட்டணம்’ கட்டினால் பணம் வரும் என்றால் அது மோசடி.

அடுத்த விலைப்பட்டியலுக்கு, வாங்குபவர் பணம் அனுப்பும் முன்பே, குறிப்பில் ‘SHOES INV 215’ என்று எழுதச் சொல்லுங்கள். நிறம் விலைப்பட்டியலில் இருக்கட்டும். யாராவது கேட்டால் அதைக் காட்டலாம்.