பிள்ளைகள் போனை வைத்துக் கிண்டலடித்தால் பெற்றோர் செய்யக் கூடாதவை

வீடியோ காலில் நெற்றி மட்டும் தெரிவது, சட்டைப் பைக்குள் டார்ச் எரிந்துகொண்டே இருப்பது, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவது. பிள்ளைகள் கிண்டலடிக்க இவ்வளவு போதும். திருப்பிக் கிண்டலடிப்பதில் தப்பே இல்லை. ஆனால் பலர் வாயைத் திறந்ததுமே சறுக்கிவிடுகிறார்கள்.

"உனக்கு நடக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான்" என்பது அப்படி ஒரு சறுக்கல். உண்மைதான், ஆனால் அதற்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது. சிரிப்பு அங்கேயே செத்துவிடும். "முதல்ல உன் மார்க்கைப் பாரு" அதைவிட மோசம். போனில் தொடங்கிய கிண்டல் போனிலேயே நிற்கட்டும்.

அடுத்தது, தெரிந்த மாதிரி நடிப்பது. ஒரு குரூப்பில் இரங்கல் செய்தி வருகிறது. அம்மா கண்ணீரைப் பார்த்துவிட்டு 😂 போட்டுவிடுகிறார். மகள் பதறுகிறாள்: "அம்மா, துக்கச் செய்திக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருக்கீங்க!" "எனக்குத் தெரியும், போ" என்று அவசரமாக Delete for me அழுத்தினால் கதை முடிந்தது. வாட்ஸ்அப்பில் அது அவர் போனிலிருந்து மட்டும் மறையும், மற்ற எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். சில நொடிகளுக்குள் Undo தொட்டால் அது அவர் போனில் திரும்ப வரும், எல்லோருக்கும் அழித்துத் தப்பிக்கலாம். விட்டால், இரண்டாவது கிண்டலுக்கு நாமே வழி செய்தாயிற்று.

"ஐயோ, எப்படி எடுக்கறது?" என்று கேட்டு Delete for everyone போடுவதுதான் சரி. அழித்த தடம் அங்கே தெரியும் என்பதால், கைதவறிப் போட்டதாக ஒரு வரி எழுதுவது நல்லது. அப்புறம் கணக்கைத் தீர்க்கலாம்: "நான் கண்ணைப் பார்த்தேன், வாயைப் பார்க்கலை. நீ மட்டும் என்ன, நான் பாசமா எழுதின பத்து வரிக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினவதானே!"

இதில் அம்மா தன் தவறை முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு அதே அளவுள்ள ஒரு குறையை, அதுவும் மகளால் மாற்றிக்கொள்ளக்கூடிய பழக்கத்தை, எடுத்துக் காட்டுகிறார். எப்போதும் சார்ஜ் இல்லாத போன், ஆன்லைனில் இருந்துகொண்டே எடுக்காத கால் எல்லாம் இதற்கு ஏற்றவை. அவள் யாருடன் சாட் செய்கிறாள் என்பது அல்ல. அதைத் தொட்டால் கிண்டல் வேவு பார்ப்பதாகிவிடும்.

பதிலை உறவினர் குரூப்பில் போடுவதும் வேண்டாம். வீட்டுக்குள் சிரிக்கிற பிள்ளை, பத்துப் பேர் முன்னால் சுருங்கிப்போகும்.

கிண்டலுக்குப் பயந்து சந்தேகம் கேட்பதையே சில பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நகைச்சுவை உதவாது. தெரியாத லிங்க்கைத் தொடலாமா என்று கேட்க வேண்டிய ஆள் பக்கத்து அறையில் இருந்தும் கேட்காமல் தொட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் நேராகவே சொல்லிவிடலாம்: "கிண்டலெல்லாம் அப்புறம், முதல்ல இதைப் பாரு."